டீசர்ட் போட கத்துக்குடுக்கணுமா, கடைசில இருந்து ஆரம்பிங்க

கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, "எம் பையனுக்கு ஒம்பது வயசுங்க, அறிவுசார் குறைபாடுன்னு சர்ட்டிபிகேட் இருக்குதுங்க, தினமும் டீசர்ட் போட சொல்லிக்குடுக்கறேன், ரெண்டு வருசமாச்சு, இன்னும் நான்தான் மாட்டி உடறனுங்க, இவனுக்கு வரவே வராதுங்களா?" வரும்ங்க. அவங்க சொல்லிக்குடுக்கற வரிசையை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போடணும்.

டீசர்ட் போடறது நமக்கு ஒரே வேலை மாதிரி தெரியுது, ஆனா பிரிச்சுப் பாத்தா ஏழு வேலை இருக்கு. முன்பக்கம் கீழ இருக்கற மாதிரி கட்டில்ல விரிக்கணும், கீழ் ஓரத்தை ரெண்டு கையால புடிக்கணும், தலைக்கு மேல போடணும், கழுத்து வழியா தலையை வெளிய எடுக்கணும், ஒரு கை, இன்னொரு கை, அப்புறம் இடுப்பு வரைக்கும் இழுத்து விடணும். "டேய், சட்டையைப் போடு சாமி"ன்னு நாம சொல்லும்போது அந்தப் பையன் இந்த ஏழையும் வரிசை மாறாம மனசுல வச்சுக்கணும், அதுதான் அவனுக்கு கஷ்டம்.

பெரும்பாலான வீட்டுல முதல் படில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. பையன் டீசர்ட்டை விரிப்பான், அதுக்கப்புறம் தடுமாறுவான், ஸ்கூல் வேன் வர்ற நேரமாச்சுன்னு மீதி ஆறையும் அம்மாவே செஞ்சுட்டு "சமத்து"ன்னு சொல்லுவாங்க. இப்ப யோசிங்க, அந்தப் பாராட்டு வர்ற நேரத்துல அவன் என்ன பண்ணிட்டு இருந்தான்? பொம்மை மாதிரி கையைத் தூக்கிட்டு சும்மா நின்னுட்டு இருந்தான். பாராட்டு எந்தச் செயலுக்கு அடுத்த நொடில வருதோ அந்தச் செயல்தான் பலப்படும், அப்போ ரெண்டு வருசமா அவன் நல்லா கத்துக்கிட்டது சும்மா நிக்கறதைத்தான்.

அதனால கடைசிப் படில இருந்து ஆரம்பிங்க. முதல் ஆறையும் நீங்களே செய்யுங்க, டீசர்ட் நெஞ்சு வரைக்கும் வந்ததும் நிறுத்திட்டு, அவன் கை மேல உங்க கையை வச்சு ஓரத்தைப் புடிக்க வச்சு கீழ இழுங்க. இழுத்த அந்த நொடியே "நீயே இழுத்துட்ட கண்ணு!"ன்னு சொல்லுங்க, என்ன செஞ்சான்னு சொல்லிப் பாராட்டணும். வேலை முடிஞ்சது, பாராட்டு, வெளிய விளையாடப் போறது மூணும் அவனோட கைவேலைக்கு அடுத்தபடியா ஒண்ணா வருது பாருங்க, இந்த முறைல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். மூணு நாளு தொடர்ந்து உதவி இல்லாம இழுத்தான்னா ஆறாவது படியையும் அவன்கிட்ட விடுங்க. புதுசா ஒரு கையை நுழைக்கறது கஷ்டம்தான், ஆனா அதுக்கு அடுத்து வர்றது அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச படி, அதனால தெரிஞ்ச அந்தப் படியே புதுப் படிக்குப் பரிசா மாறிடுது. இப்படியே பின்னால இருந்து முன்னால வந்தீங்கன்னா ஒவ்வொரு தடவையும் தெரியாததுல ஆரம்பிச்சு தெரிஞ்சதுல முடிப்பான்.

செஞ்ச உடனே பரிசு குடுத்துக் கத்துக்குடுக்கறது நேத்து வந்த யோசனை இல்லீங்க. 1949ல அமெரிக்காவுல பால் ஃபுல்லர்னு ஒருத்தர், படுத்த படுக்கையா இருந்த 18 வயசு இளைஞனுக்கு, எதையும் கத்துக்கவே முடியாதுன்னு மத்தவங்க நெனச்சவனுக்கு, வலது கை அசைஞ்ச உடனே வாயில கொஞ்சம் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பாலை விட்டாரு, அவன் கொஞ்ச நாள்லயே கையைத் தூக்க ஆரம்பிச்சுட்டான். இவ்வளவு தெரிஞ்ச பின்னாடியும் நம்ம ஊர்ல மந்திரிச்சுக் கயிறு கட்டறதுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றதைப் பாத்தா வயிறு எரியுது. வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தர வேலையும் சரியான சம்பளமும் குடுத்தா இதையெல்லாம் வீட்டுக்கே வந்து செஞ்சு காட்டுவாங்க, அரசாங்கம் முதல்ல செய்ய வேண்டிய செலவு அதுதான்னு நான் நெனைக்கறேன்.

தப்பு நடக்கற இடம் உங்க கைதாங்க. கை மேல கை வச்சு ஆரம்பிச்சதை அப்படியே விட்டுட்டா அவன் உங்க கைக்காகக் காத்திருப்பான், அதைக் கண்டுபிடிக்கறது சுலபம், டீசர்ட்டைப் பாக்காம உங்க மூஞ்சியப் பாப்பான். உடனே உதவியைக் குறைங்க, விரலை விட்டு மணிக்கட்டைத் தொடுங்க, அடுத்து முழங்கை, அடுத்து விரல் நீட்டிக் காட்டறது மட்டும், தொடறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அம்மா ஒரு மாதிரி, அப்பாரு ஒரு மாதிரி, அம்மாயி ஒரு மாதிரின்னு ஆளுக்கொரு வரிசைல செஞ்சாலும் குழம்பிடுவான், எல்லாரும் ஒரே வரிசை.

ஆரம்பத்துல ஒரு சைஸ் பெருசா, கழுத்து லூசா இருக்கற டீசர்ட்டே போதும், திருப்பூர் செகண்ட்ஸ் கடைல கம்மி விலைக்கே கிடைக்கும், பின்பக்கம் எதுன்னு தெரிய உள்கழுத்துல ஒரு கலர் நூல் தச்சு விடுங்க. கையைத் தலைக்கு மேல தூக்கவே சிரமப்பட்டான்னா இது கத்துக்குடுக்கற பிரச்சனை இல்லை, தசை பலம் குறைவா இருக்கலாம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க. ஏழு படியும் வந்ததுக்கப்புறம் பாராட்டை ஒவ்வொரு படிக்கும் சொல்லாம முழுசா போட்டு முடிச்சதும் சொல்லுங்க. அப்புறம் வேற டீசர்ட்டுக்கு மாத்துங்க, ஏன்னா நீலக்கலர் டீசர்ட்டுல கத்துக்கிட்டவன் ஸ்கூல் டீசர்ட்டைக் குடுத்தா மறுபடியும் முழிப்பான், அப்போ கடைசி ரெண்டு படிக்கு மட்டும் பின்னால போய் ஆரம்பிச்சா போதும், முதல் தடவை ஆன அளவுக்கு நாள் ஆகாதுங்க.