பாதியில் வெட்டும் சட்டை

புறக்கோட்டையில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் குவிந்திருக்கும் கடை ஒன்றில் மச்சாள் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினாள். துணி அருமை, தையல் அருமை, விலையும் நியாயம். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து கறுப்புக் காற்சட்டையோடு உடுத்திக் கண்ணாடி முன் நின்றவள், "அம்மாவின் உயரத்துக்கு வந்துவிட்டேன்" என்றாள். சட்டை பெரிதாகவும் இல்லை, தொளதொளவென்றும் இல்லை. ஆனாலும் ஆள் நிச்சயமாகக் குட்டையாகத் தெரிந்தாள்.

அளவு நாடாவை எடுத்தேன். அவளுடைய உயரம் 155 சென்ரிமீற்றர். கழுத்தோடு தோள் சேரும் இடத்தில் நாடாவின் நுனியை வைத்து நேரே தரைக்கு விட்டால் 128. சட்டையின் கீழ்விளிம்பு சரியாக 64இல் நின்றது. அதுதான் கோளாறு. அவளைவிட உயரமான உடம்பை மனதில் வைத்து வெட்டிய சட்டை, அவள் உடம்பில் ஒரு கையளவு கூடுதலாக இறங்கி, வெள்ளை பாதி, கறுப்பு பாதி என்று ஆளை இரண்டு சமதுண்டுகளாக்கிவிட்டது.

சமமாக வெட்டினால் ஏன் குட்டையாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு தாளும் அடிமட்டமும் போதும். 10 சென்ரிமீற்றரில் ஒரு படுக்கைக்கோடு கீறி, அதன் நடுவில் அதே 10 சென்ரிமீற்றரில் ஒரு செங்குத்துக்கோட்டை நிறுத்துங்கள். செங்குத்துக்கோடு நீளமாகத் தெரியும். நிமிர்ந்து நிற்கும் கோடு என்பதால்தானே என்று நினைத்தால், தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். இப்போது வெட்டுப்பட்டு நிமிர்ந்து நிற்கும் கோடுதான் குட்டையாகத் தெரிகிறது. நடுவில் வெட்டுப்பட்ட கோட்டைக் கண் குறைத்து மதிப்பிடுகிறது. வெட்டை நடுவிலிருந்து ஓர் ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த இந்த மயக்கம் தணிந்துகொண்டே போகும்.

இங்கேதான் மூன்றிலொரு பங்கு விதி உதவிக்கு வருகிறது. 1797இல் ஜோன் தோமஸ் சிமித் என்ற ஆங்கில ஓவியர், நாட்டுப்புறக் காட்சிகளைத் தீட்டுவது பற்றிய தம் நூலில் இந்தப் பெயரைச் சூட்டினார். வானமும் நிலமும் சரிபாதியாக இருக்கக் கூடாது, ஒன்று மூன்றிலொரு பங்கும் மற்றது இரண்டு பங்குமாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். பின்னால் புகைப்படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று கைத்தொலைபேசிக் கமராவில் தெரியும் கட்டக்கோடுகளும் அதுதான். உடையில் வானத்துக்குப் பதில் சட்டை, நிலத்துக்குப் பதில் காற்சட்டை.

மச்சாளின் கணக்குக்கு வருவோம். 128ஐ மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 43. தோளிலிருந்து 43 சென்ரிமீற்றரில் வெள்ளை முடிந்து கறுப்புத் தொடங்க வேண்டும். அவளுடைய காற்சட்டைப் பட்டியின் மேல்விளிம்பு, இடுப்பு ஒடுங்கும் இடத்தில், 39இல் இருந்தது. சட்டையை உள்ளே செருகி இறுக்கினால் கோடு 39இல் விழும்; கொஞ்சம் மேலே. ஆனால் யாரும் அப்படி இறுக்கி வைத்துக்கொண்டு ஒரு நாளைக் கழிக்க முடியாது. செருகிய பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி இறக்கச் சொன்னேன். உள்ளே இருந்த துணி கொஞ்சம் மேலே இழுபட்டு, பட்டியின் மேல் மெல்லத் தொங்கியது. மறுபடி அளந்தால் 42. நன்றாக உடுத்துகிறவர்கள் செருகிவிட்டுக் கை தூக்குவதன் காரணம் இதுதான்: 100ஆம் இலக்கப் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போது வெளியே வரப்போகும் துணியை வீட்டிலேயே வரவிட்டுவிடுகிறார்கள்.

சரியாக 43தானா என்று மில்லிமீற்றர் பார்க்க வேண்டியதில்லை. நீளத்தை ஏறக்குறைய 38க்கு 62 என்று பிரிக்கும் பொன் விகிதத்தை நம்புகிறவர்கள் இதே உடம்பை 49இல் வெட்டுவார்கள். பட்டி சற்று இறங்கிய காற்சட்டைக்கு அதுவே வசதி. இரண்டுக்கும் ஆறு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம், எனக்கு இரண்டும் நன்றாகவே படுகின்றன. தப்ப வேண்டியது 64இலிருந்து. பெல்ட்டை ஸ்டைல் என்று இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டினால் கோடு மறுபடி அந்தப் பாதியை நோக்கித்தான் நகர்கிறது.

பெல்ட்டின் நிறத்துக்கும் இதில் வேலை உண்டு. கறுப்புக் காற்சட்டையில் கறுப்பு பெல்ட் கட்டினால் அதன் அகலம் காலின் கணக்கில் சேர்கிறது. வெள்ளை பெல்ட் கட்டினால் சட்டையின் கணக்கில். மேலுடம்பு கட்டையானவர்களுக்கு இந்த நான்கு சென்ரிமீற்றர் பெரிய உதவி. மூன்றாவதாக ஒரு பளிச்சென்ற நிறத்தில் கட்டினால் அது தானே ஒரு கோடாகிவிடும். அளந்து கட்ட வேண்டிய பெல்ட் அதுதான்.

கொழும்பு வெக்கையில் முழுச் செருகலுக்கு ஒரு விலை இருக்கிறது. இடுப்பைச் சுற்றி இரண்டு அடுக்குத் துணி, மத்தியானத்துக்குள் நனைந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் செருகி முதுகுப்பக்கத்தைத் தொங்க விடுவது அதற்கு நல்ல மருந்து. முன்னால் இருந்து பார்ப்பவருக்குக் கோடு 42இலேயே தெரியும். பின்னால் இருந்து பார்ப்பவருக்குப் பழைய 64தான். கந்தோரில் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

கைகளுக்கும் இதே கணக்கு. தோள்மூட்டிலிருந்து மணிக்கட்டுக்கு அவளுக்கு 52 சென்ரிமீற்றர். மூன்றில் இரண்டு பங்கு, 35, முழங்கைக்குச் சற்றுக் கீழே விழுகிறது. மணிக்கட்டிலிருந்து சுருட்டிச் சுருட்டி அங்கே வந்தால் முழங்கையில் தடித்த வளையம் உருவாகும். அதைவிட, கைப்பட்டியைப் பிடித்து ஒரே மடிப்பாக முழங்கைக்கு மேலே புரட்டி, பிறகு அடியில் கிடக்கும் மடிந்த ஓரத்தை ஒரு முறை மட்டும் மேலே மடித்துவிட்டால் தட்டையாக நிற்கும். கையைத் தொங்கவிட்டால் அந்த ஓரம் ஏறத்தாழ இடுப்புக் கோட்டின் மட்டத்துக்கே வருகிறது. அந்த மட்டத்தில் பார்வை தங்குவது பிடிக்காதவர்கள் முழங்கைக்கு மேலே ஒரு மடிப்புக் கூட்டிக்கொள்ளலாம்.

காற்சட்டையின் கால்விளிம்பை மடிக்கும்போது மொத்த அளவே மாறுகிறது. கணுக்கால் தெரியப் பத்து சென்ரிமீற்றர் மடித்தால் உடுப்பின் நீளம் 118. அதில் மூன்றிலொரு பங்கு 39. அதாவது கீழே மடித்தவள் மேலே தொங்கும் துணியையும் கொஞ்சம் இறுக்க வேண்டும். செருப்பு தோலின் நிறத்தில் இருந்தால் கண் காலைப் பாதம் வரை சேர்த்தே எண்ணுகிறது. பழைய கணக்கே போதும்.

சரிபார்க்கக் கண்ணாடியைவிடத் தொலைபேசி நல்லது. கட்டக்கோடுகளை வரவழைத்து, மூன்று மீற்றர் தள்ளி நின்று, இடுப்பு உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே பிடித்துக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தால் கால்கள் குறுகித் தெரியும், அதை வைத்துச் சட்டையைக் குறை சொல்வது வீண். படத்தின் மேலோரம் தோளிலும் கீழோரம் குதிகாலிலும் வருமாறு வெட்டினால் மேல்கோடு எங்கே விழ வேண்டும் என்பது தானே தெரியும்.

அளந்துகொண்டிருந்ததைப் பார்த்த மாமி, "பஞ்சாபி போட்டிருந்தால் இந்தக் கரைச்சல் எல்லாம் எதற்கு?" என்றார். சும்மா கேட்டதுதான், ஆனால் நாடா என் கையில் இருந்தது. மச்சாளின் பழைய பஞ்சாபி மேலாடையின் விளிம்பு முழங்காலில், தோளிலிருந்து 85இல் நின்றது. 128இல் அது மூன்றில் இரண்டு பங்கு. போன வருடம் ஆசையாகத் தைப்பித்த, தொடை நடுவோடு நிற்கும் குட்டை மேலாடையை ஏன் ஒரு நாளும் போடவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதற்கு இப்போது ஒரு பெல்ட் தேடிக்கொண்டிருக்கிறாள்.