கரன்சி ஸ்வாப்: அசல் போகும் நாளும் திரும்பும் நாளும்

கடன் ஒரு நாட்டுப் பணத்தில், வருமானம் இன்னொரு நாட்டுப் பணத்தில் என்று இருக்கும் நிறுவனங்களிடம் வங்கிகள் முதலில் சொல்வது கரன்சி ஸ்வாப்தான், அதாவது இரு நாட்டுப் பணத்தை இப்போது மாற்றிக்கொண்டு, நடுவில் வட்டியையும் மாற்றிக்கொண்டு, முடிவில் அதே விலையில் அசலைத் திருப்பிக்கொள்ளும் ஒப்பந்தம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கையெழுத்துப் போட்ட பலருக்கு எந்தத் தேதியில் எந்தப் பணம் எந்தப் பக்கம் போகும் என்பதே தெரிவதில்லை. விஷயம் வெடிக்கும்போது கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்தான் திட்டு வாங்குகிறார், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். 1981-ல் உலக வங்கியும் ஐ.பி.எம்.மும் செய்துகொண்ட ஸ்வாப்தான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. வரலாறு அவ்வளவு போதும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்துக்கு வருமானம் யூரோவில். கடன் கிடைத்ததோ டாலரில்: 1.1 கோடி டாலர், 5 ஆண்டு, 5 சதவீத நிலையான வட்டி. அன்றைய சந்தை விலை ஒரு யூரோவுக்கு 1.10 டாலர்.

முதல் நாள் கடனாக வந்த 1.1 கோடி டாலரை நிறுவனம் வங்கியிடம் கொடுக்கிறது, வங்கி 1 கோடி யூரோ தருகிறது. அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் வங்கி 5,50,000 டாலர் தரும், அது அப்படியே கடன் கொடுத்தவருக்கு வட்டியாகப் போய்விடும். பதிலுக்கு நிறுவனம் 3.5 சதவீதம் என்று பேசிய யூரோ வட்டியை, அதாவது 3,50,000 யூரோவை, வங்கிக்குக் கட்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் நிறுவனம் 1 கோடி யூரோவைத் திருப்பிக் கொடுத்து, 1.1 கோடி டாலரைத் திரும்ப வாங்கிக் கடனை அடைக்கும்.

அந்தக் கடைசி நாளில் சந்தை விலை என்னவாக இருந்தாலும் கணக்குக்கு வராது, முதல் நாள் போட்ட 1.10 தான் செல்லும். இது உங்கள் உரிமை, அதே அளவுக்கு உங்கள் கடமையும். யூரோ 1.00 ஆக விழுந்திருந்தால் அந்த டாலரைச் சந்தையில் வாங்க 1.1 கோடி யூரோ ஆகும், உங்களுக்கு 1 கோடியிலேயே கிடைக்கும். யூரோ 1.25 ஆக ஏறியிருந்தால் சந்தையில் 88 லட்சம் யூரோ போதும், ஆனாலும் நீங்கள் கொடுக்க வேண்டியது 1 கோடிதான். அப்போது "வங்கி 12 லட்சம் ஏமாற்றிவிட்டது" என்று கூச்சல் கிளம்பும். ஏமாற்றவில்லை. ஐந்து ஆண்டும் விலை எப்படி ஆடினாலும் யூரோவில் என்ன கட்டுவோம் என்பது முன்பே தெரியவேண்டும் என்றுதானே இதற்குள் வந்தோம்.

உண்மையான ஏமாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தையும் ஸ்வாப் ஒப்பந்தத்தையும் வெவ்வேறு ஆட்கள் எழுதுகிறார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. கடன் பத்திரத்தில் டாலர் வட்டியை உண்மையான நாட்களை 360-ஆல் வகுத்துக் கணக்கிடச் சொல்லியிருக்கும், ஸ்வாப்பில் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று எழுதியிருக்கும். முதல் முறையில் 365 நாளுக்கு 5,57,638 டாலருக்கு மேல் வரும், இரண்டாவதில் 5,50,000 தான். ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் டாலரை நீங்கள் சொந்தமாகத் தேடிக் கட்டவேண்டும், அதுவும் அன்றைய சந்தை விலையில். தேதியும் அப்படித்தான். கடன் நியூயார்க் விடுமுறையை மட்டும் பார்க்கும், ஸ்வாப் யூரோ பக்கத்து விடுமுறையையும் சேர்த்துப் பார்க்கும், கடன் கொடுத்தவருக்குக் கட்டவேண்டிய நாள் இன்று, வங்கி டாலர் தரும் நாள் நாளை என்று ஆகிவிடும். கையெழுத்துக்கு முன் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதுங்கள்: கடன் கொடுத்தவருக்குப் போகும் டாலர் ஒரு பக்கம், வங்கியிடமிருந்து வரும் டாலர் இன்னொரு பக்கம். ஒவ்வொரு தேதியிலும் வித்தியாசம் பூஜ்யம் வரவேண்டும். ஒரே ஒரு வரியில் வராவிட்டாலும் திருத்தித் தரச் சொல்லுங்கள், "நடைமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

யூரோ வட்டியையும் கேள்வி கேளுங்கள். வங்கியின் லாபம் தனிக் கட்டணமாகத் தெரியாது, அந்த 3.5-க்குள்தான் ஒளிந்திருக்கும். கால் சதவீதம் கூடினால் ஆண்டுக்கு 25,000 யூரோ, ஐந்து ஆண்டுக்கு 1,25,000. அதே நாளில், அதே நிபந்தனைகளோடு இன்னொரு வங்கியிடமும் விலை கேட்டால்தான் இது வெளியே வரும்.

இனி தகுதி. கடன் பத்திரத்தின் நகல், இயக்குநர் குழுத் தீர்மானம், நிறுவனத்தை அடையாளம் காட்டும் 20 எழுத்து எல்.இ.ஐ. எண், இப்படிப்பட்ட ஸ்வாப்புகளுக்கான பொது ஒப்பந்தமான இஸ்டா மாஸ்டர் ஒப்பந்தம், இதெல்லாம் கேட்பார்கள். எல்.இ.ஐ. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியது, காலாவதியானது தெரியாமல் முதல் பரிமாற்ற நாளன்று நின்றுபோனவர்கள் உண்டு. இவற்றைவிடப் பெரிய தடை கடன் வரம்பு, அதாவது உங்கள் பெயரில் வங்கி எவ்வளவு ஆபத்தை ஏற்கும் என்ற உச்சம். வெறும் வட்டி ஸ்வாப்பில் அசல் கைமாறாது, இங்கே கடைசி நாளில் முழு அசலும் கைமாறும், விலை தூரம் போயிருந்தால் வங்கிக்கு ஆபத்து பெரியது, அதனால் உங்கள் வரம்பில் கணிசமான பங்கை இதுவே விழுங்கிவிடும். இதைக் கிளையில் யாரும் முதலில் சொல்வதில்லை. கிளை, வங்கியின் பணச் சந்தை வேலைகளைப் பார்க்கும் ட்ரெஷரியைக் கைகாட்டும், ட்ரெஷரி கடன் பிரிவை, கடன் பிரிவு சட்டப் பிரிவை. இதற்குள் கடன் பணம் வந்துசேர்ந்து, டாலர் சும்மா கிடக்கும், வட்டி ஓடும். வரம்பு ஒப்புதல் எழுத்தில் கைக்கு வரும்வரை கடன் பணத்தை எடுக்காதீர்கள்.

வரம்பைச் சுருக்க வங்கி "மார்ஜின் ஒப்பந்தம்" நீட்டினால் நிதானமாகப் படியுங்கள். யூரோ 1.25 போனால் அந்த 12 லட்சம் யூரோ அளவுக்கு நடுவிலேயே ரொக்கம் கட்டி வைக்கச் சொல்வார்கள். கடைசியில் கணக்கு நேராகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் இடையில் ரொக்கம் இல்லாத நிறுவனம் அந்தக் கடைசிவரை போய்ச் சேராது.

அதிகம் பேர் அடிபடுவது கடனை முன்கூட்டி அடைக்கும்போது. மூன்றாம் ஆண்டு முடிவில் யூரோ 1.25. "இப்போது 88 லட்சம் யூரோவுக்கே கடன் முடிந்துவிடும்" என்று முதலாளி மகிழ்ச்சியாக அடைத்துவிடுவார். கடன் போய்விடும், ஸ்வாப் போகாது. அது வேறு ஒப்பந்தம். அதை முறிக்க வங்கி கேட்கும் தொகை, வட்டி விகிதங்கள் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய அதே 12 லட்சம் யூரோதான், அதோடு வங்கியின் லாபமும் சேரும். மிச்சம் என்று நினைத்தது மிச்சமே இல்லை. முறிவுத் தொகையை எந்த விலையில், எந்த முறையில் கணக்கிடுவார்கள், நீங்கள் வேறொரு வங்கியின் விலையைக் காட்டி எதிர்க்கமுடியுமா என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வாங்குங்கள், பிறகு கேட்டால் திரையில் தெரியும் எண்ணைக் காட்டுவார்கள்.

கடைசி நாளைப் பற்றி ஒன்று. இரு பக்கப் பணமும் வேறு வேறு என்பதால் கழித்து மீதியைக் கொடுக்கமுடியாது, முழுத் தொகையும் இரு பக்கமும் போகவேண்டும். யூரோ காலையில் போய்விடும், டாலர் நியூயார்க் நேரத்தில் வரும். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, அன்றைய ஜெர்மன் பணமான மார்க்கைக் கொடுத்தவர்களுக்கு வரவேண்டிய டாலர் வராமலே போனது இந்த நேர இடைவெளியில்தான். வங்கி திடமாக இருந்தாலும் டாலர் மாலையில் வந்து, கடன் கொடுத்தவரின் நேரம் அதற்குள் முடிந்திருந்தால் தாமத வட்டி உங்கள் தலையில் விழும். அதனால் டாலரை உங்கள் கணக்குக்கு வராமல் நேராகக் கடன் கொடுத்தவர் கணக்குக்கே அனுப்ப இரு தரப்பிடமும் ஒப்புதல் வாங்குங்கள், எத்தனை மணிக்குள் அனுப்புவோம் என்பதையும் வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள், முதிர்வுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே.