கூறைச்சேலை பிரிண்டில் ஏன் கறுத்தது?

வெள்ளவத்தையில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கல்யாண அல்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, திரையில கூறைச்சேலையின்ர மடிப்பெல்லாம் வடிவாத் தெரியுது. பிரிண்டில ஒரே கறுப்பு. பிரிண்ட் போடுற லாப்பை மாத்தவேணும் போல."

லாப்பில் பிழை இல்லை. அவருடைய மொனிட்டரின் வெள்ளை எவ்வளவு பிரகாசமென்று அளந்தேன்: சதுர மீற்றருக்கு 290 கண்டெலா. வாங்கி வந்த நாளில் இருந்த பிரைட்னஸ் அப்படியே இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் எந்தப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். கண் கூசுகிறதென்று நாமும் அறியாமல் படத்தை இருட்டாக்கிவிடுவோம்.

மொனிட்டரை அரை மணி நேரம் சூடாக விட்டு, நைட் லைட்டையும் டைனமிக் கொன்ட்ராஸ்டையும் நிறுத்தி, திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்கும் கலரிமீற்றரைத் திரையில் வைத்தோம். முதலில் மொனிட்டரின் சொந்தப் பொத்தானால் பிரைட்னஸை 100 கண்டெலாவுக்கு இறக்கினோம். தம்பி முகம் சுளித்தார். பத்து நிமிடத்தில் கண் பழகிவிட்டது.

அடுத்தது வெள்ளைப் புள்ளி, அதாவது திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்கவேண்டும் என்பது. அச்சுக்கு D50 என்று படித்து அவர் அதை வைத்துப் பார்த்திருக்கிறார், திரை மஞ்சளாகிப்போனது. 5000 கெல்வின் விளக்கின் கீழ் பிரிண்டைப் பார்ப்பவருக்கான கணக்கு அது. இவருடைய மேசைக்கு மேலே இருப்பது 6500 கெல்வின் ரியூப்லைட். இங்கே அநேகமான வீடுகளிலும் அல்பத்தை அந்த மாதிரி வெளிச்சத்தில்தான் விரிப்பார்கள். ஆகவே அதற்கு ஒத்த D65 வைத்தோம். அப்புறம் லாப்பின் வெறும் கடதாசி ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில், அதே ரியூப்லைட்டின் கீழ் பிடித்தோம். திரை ஒரு சொட்டு ரோஸாகத் தெரிந்தது. மலிவான ரியூப்லைட்டுகளில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மொனிட்டர் மெனுவில் பச்சையை இரண்டு படி ஏற்றியதும் இரண்டு வெள்ளையும் ஒத்துப்போயின. இந்த இடத்தில் கருவியை விடக் கண்ணையே நம்புவேன். ஒத்துப்போன அந்த வெள்ளையை இலக்காக வைத்து, திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறதென்று மென்பொருளுக்குச் சொல்லும் புரொஃபைலை எடுத்தோம்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாயல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியவேண்டும் என்பதுதான் காமா. அதற்கு 2.2 வைத்தோம். இருண்ட பிரிண்டுக்குக் காமாதான் காரணமென்று பலர் 1.8-க்கு மாற்றுகிறார்கள். அதனால் பயனில்லை. நிற முகாமை உள்ள மென்பொருள் புரொஃபைலில் காமாவைப் படித்து அதற்கேற்பத் திருத்திவிடும். பெரும்பாலான திரைகள் இயல்பிலேயே 2.2-க்குக் கிட்ட இருப்பவை. அதிலிருந்து விலக்கி வலிந்து இழுத்தால் வானத்தின் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். பிரைட்னஸும் வெள்ளைப் புள்ளியும் அப்படியல்ல. படத்தின் வெள்ளையை மென்பொருள் திரையின் வெள்ளையாகவே காட்டும், அது எவ்வளவு பளிச்சென்றாலும், எந்த நிறமானாலும். ஆகவே அந்த இரண்டையும் நாம்தான் சரியாக வைக்கவேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பழைய ஃபைலைத் திறந்தோம். கூறைச்சேலை இப்போது திரையிலும் கறுப்பு, அல்பத்தில் இருந்த அதே கறுப்பு. தம்பி சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் நிழல்களை வெளிச்சமாக்கி ஒரு படம் மட்டும் லாப்புக்கு அனுப்பினார். மடிப்புகள் வந்துவிட்டன. பிளவுஸின் ஆழமான நிழல் மட்டும் திரையில் இருந்த அளவு கறுப்பாக இல்லை. கடதாசியின் கறுப்பு அவ்வளவுதான்.