5.4-க்கு அடுத்து 5.5: இது சின்னப் படியா, பெரிய படியா?

கானாடுகாத்தானில் பாட்டன் காலத்து வீட்டை விடுதியாக மாற்றி நடத்துகிறவர் ஒருவர். அறை முன்பதிவுக்கு, தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஒரு இணையதளம் வைத்திருக்கிறார். ஒரு நாள் நிர்வாகப் பக்கத்தின் உச்சியில் `WordPress 5.5 is available! Please update now.` என்று ஒரு வரி வருகிறது. இப்போது இருப்பது 5.4. புள்ளிக்குப் பின்னால் 4 போய் 5 வருகிறது, அவ்வளவுதானே என்று அவர் பொத்தானை அழுத்திவிடலாம். அழுத்தும் முன் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மென்பொருள் உலகில் பரவலாகப் பேசப்படும் விதி ஒன்று உண்டு. 2.3.7 என்ற எண்ணில் 2 மேஜர், 3 மைனர், 7 பேட்ச். கடைசி எண் மட்டும் ஏறினால் பிழை திருத்தியிருக்கிறார்கள், வேறெதையும் தொடவில்லை. நடு எண் ஏறினால் புது வசதி வந்திருக்கிறது, பழையவை அப்படியே வேலை செய்யும். முதல் எண் ஏறினால் பழைய முறையில் ஏதோ ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதை நம்பி எழுதிய வேறு மென்பொருள் நின்றுபோகலாம். கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் இதை விதிமுறையாக எழுதிவைத்தார். இடையில் இருக்கும் புள்ளி தசமப்புள்ளி இல்லை என்பதும் இதில் சேர்த்தி. 1.9-க்கு அடுத்தது 1.10, அது 1.9-ஐவிடப் புதியது.

இதை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று சட்டமில்லை. உபுண்டு இயங்குதளத்தில் 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்றுதான் பொருள். குரோம் உலாவியின் முதல் எண் சில வாரங்களுக்கு ஒருமுறை தானாக ஏறிக்கொண்டே போகிறது. அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸுக்கும் தனி வழக்கம். அங்கே முதல் இரண்டு எண்களும் சேர்ந்துதான் மேஜர். 4.9-க்கு அடுத்து 4.10 வரவில்லை, 5.0 வந்தது. ஆக 5.4-இலிருந்து 5.5-க்குப் போவது அங்கே பெரிய படி. மூன்றாவது எண் ஏறினால்தான் சின்னப் படி.

அந்த 5.5, 2020 ஆகஸ்டில் வெளிவந்தபோது பல தளங்களில் என்ன நடந்தது என்பதை நம் விடுதிக்காரரின் தளத்தில் வைத்தே பார்க்கலாம். அப்டேட் சிக்கலில்லாமல் முடிகிறது. முகப்புப் பக்கம் திறக்கிறது, எழுத்தும் படமும் வருகின்றன. "நல்லாத்தானே திறக்குது" என்று அவர் அன்றாட வேலைக்குப் போய்விடுவார். ஆனால் வீட்டின் வளவையும் முன்வாசலையும் மாற்றி மாற்றிக் காட்டிய படவரிசை முதல் படத்திலேயே நிற்கிறது. கைப்பேசியில் மெனு பொத்தான் திறக்க மறுக்கிறது. முன்பதிவுப் படிவத்தில் தேதிக் கட்டத்தைத் தொட்டால் நாள்காட்டி விரிவதில்லை. விருந்தினர் யாரும் இதைச் சொல்லப் போவதில்லை. பேசாமல் வேறு விடுதியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து F12 விசையை அழுத்தி, Console என்ற பகுதிக்குப் போனால் சிவப்பில் இப்படி ஒரு வரி நிற்கும்:

```
Uncaught TypeError: jQuery(...).live is not a function
```

ஜேக்வெரி என்பது பக்கத்தில் அசைகிற, திறக்கிற, மூடுகிற வேலைகளுக்கு வேர்ட்பிரஸ் தளங்கள் நம்பியிருக்கும் துணை நிரல். பொத்தானைத் தொட்டால் இதைச் செய் என்று சொல்ல அதில் முன்பு `.live` என்று ஒரு கட்டளை இருந்தது. 2011-இல் வந்த 1.7-இலேயே இனி இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவித்துவிட்டார்கள். 2013-இல் வந்த 1.9-இல் அதை எடுத்தே விட்டார்கள். மேலே சொன்ன விதிப்படி, ஒன்றை எடுத்தால் முதல் எண் ஏறியிருக்க வேண்டும். இவர்கள் நடு எண்ணிலேயே செய்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், நடு எண்ணை முழுதாக நம்பாமலிருக்க இந்த ஒரு உதாரணம் போதும்.

அதற்கப்புறமும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் பழைய தீம்கள் ஏழு வருடம் ஓடியதற்குக் காரணம், ஜேக்வெரி மைக்ரேட் என்ற இன்னொரு சின்ன நிரல். எடுத்துவிட்ட கட்டளைகளுக்கு அது பின்னால் நின்று உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. வேர்ட்பிரஸ் 5.5 அதைத் தானாக ஏற்றுவதை நிறுத்திவிட்டது. விடுதிக்காரர் சில வருடங்களுக்கு முன் வாங்கி, பிறகு அப்டேட்டே பார்க்காத தீம் அன்றைக்கு மாட்டிக்கொண்டது. இதற்கென்றே `Enable jQuery Migrate Helper` என்ற பிளகின் வந்தது. அதைப் போட்டதும் படவரிசை மறுபடி ஓடியது. அது தற்காலிக முட்டுத்தான். புதிய தீமுக்கு மாறுவதே சரியான மருந்து.

ஆகவே வேர்ட்பிரஸில் இரண்டாவது எண் ஏறும்போது ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். முழுத் தளத்துக்கும் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு அழுத்துவது நல்லது. அழுத்திய பிறகு முகப்புப் பக்கத்தைப் பார்த்து மட்டும் திருப்திப்படாமல், கைப்பேசியில் ஒரு முன்பதிவைக் கடைசிவரை செய்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது எண்ணுக்கு இந்தப் பொறுமை ஆகாது. 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 வந்தது. 4.7.0, 4.7.1 இரண்டிலும் ஒரு ஓட்டை இருந்தது: கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியாள் யாரும் தளத்தில் உள்ள பதிவைத் திருத்தி எழுதலாம். வெளியீட்டு அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தளங்கள் சரிசெய்துகொள்ள அவகாசம் வேண்டும் என்று வேண்டுமென்றே மறைத்தார்கள். ஒரு வாரத்தில், பிப்ரவரி 1 அன்று, விவரத்தை வெளியிட்டார்கள். அதுவரை அப்டேட் செய்யாத தளங்களைச் சில நாட்களிலேயே தாக்கத் தொடங்கினார்கள். பல லட்சம் பக்கங்களில் வேறு யாரோ எழுதிய வரிகள் ஏறின. திருத்தம் வெளியானதும் எதை மாற்றினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் படித்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். மூன்றாவது எண் ஏறினால், ஏறாமல் கிடக்கும் தளத்துக்கு அந்த நாளிலிருந்து ஆபத்து கூடுகிறது.

இதனால்தான் 2013-இல் வந்த 3.7-இலிருந்து வேர்ட்பிரஸ் சின்னப் படிகளைத் தானே ஏற்றிக்கொள்கிறது. இப்போது புதிதாக நிறுவும் தளங்களில் பெரிய படிகளும் தானாக ஏறும்படிதான் அமைப்பு இருக்கிறது. பழைய தீம் வைத்திருப்பவர்கள் Updates பக்கத்தில் `Switch to automatic updates for maintenance and security releases only.` என்ற இணைப்பை அழுத்திவைக்கலாம். சின்னவை தானாக ஏறும், பெரியவை உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும்.

சின்னப் படியும் சறுக்கியதுண்டு. 2018 பிப்ரவரியில் வந்த 4.9.3-இல் புகுந்த ஒரு பிழை, தானாக அப்டேட் ஆகும் வசதியையே முடக்கிப்போட்டது. மறுநாளே 4.9.4 கொடுத்தார்கள். ஆனால் 4.9.3-க்குப் போய்விட்ட தளம் அதைத் தானாக வாங்கிக்கொள்ள முடியாதே. யாராவது உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. தானாக நடக்கும் என்று விட்டவர்களின் தளங்கள் 4.9.3-இலேயே நின்றன. உங்கள் தளமும் அப்படி எங்காவது நிற்கிறதா என்று பார்க்க Tools பட்டியலில் Site Health பக்கத்தைத் திறந்து, தேர்ச்சி பெற்ற சோதனைகளில் `Background updates are working` என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால் அடுத்த பேட்ச் வரும் நாளில் நீங்களேதான் உள்ளே போய் அழுத்த வேண்டும்.