75-ஆ, 63.5-ஆ? ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு சராசரி

சிங்கப்பூரில் உயர்நிலை 3-இல் படிக்கும் ஒரு மாணவியின் நான்கு மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம். முதல் குறுந்தேர்வில் 10-க்கு 4, இரண்டாவதில் 10-க்கு 5, வகுப்புத் தேர்வில் 30-க்கு 24, செயல்திட்டத்தில் 50-க்கு 42.

ஒவ்வொன்றையும் விழுக்காடாக மாற்றினால் 40, 50, 80, 84. இவற்றின் சராசரி 63.5. மாறாக, பெற்றதையெல்லாம் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் 100-க்கு 75. இங்கே ஓ நிலைத் தேர்வுக்குப் பயன்படும் தரநிலைப் பட்டியலில் 75 என்றால் ஏ1, 63.5 என்றால் பி4. விடைத்தாளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, மூன்று படி இறங்கிவிட்டது. கூட்டலில் பிழை ஏதுமில்லை. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

ஒரு மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மொத்தக் கணக்கில் எங்கே எடுத்தாலும் ஒரு மதிப்பெண் ஒரு மதிப்பெண்தான். விழுக்காடுகளைச் சராசரி எடுக்கும்போது அப்படியில்லை. குறுந்தேர்வில் ஒரு மதிப்பெண் கூடினால் அதன் விழுக்காடு 10 ஏறும். நான்கால் வகுத்தால் இறுதிச் சராசரி 2.5 ஏறும். செயல்திட்டத்தில் ஒன்று கூடினால் ஏறுவது வெறும் 0.5. பத்து நிமிடத்தில் எழுதி முடிக்கும் தேர்வின் ஒரு மதிப்பெண், வாரக்கணக்கில் செய்த வேலையின் ஐந்து மதிப்பெண்ணுக்குச் சமமாகிவிடுகிறது.

எல்லாத் தேர்வுகளும் ஒரே அளவில் இருந்தால் இரண்டு முறையும் ஒரே விடையைத் தரும். எல்லாவற்றிலும் ஒரே விழுக்காடு எடுத்திருந்தாலும் அப்படித்தான். பெரிய தேர்வுகளில் நன்றாகச் செய்தவருக்கு மொத்தக் கணக்கு சாதகம். சின்னத் தேர்வுகளில் நன்றாகச் செய்தவருக்குச் சராசரி சாதகம். அதே வகுப்பில் இன்னொரு மாணவர் 9, 9, 18, 30 எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய விழுக்காட்டுச் சராசரி 75, மொத்தம் 66. ஒரு முறையில் அவர் முந்துகிறார், மறு முறையில் அந்த மாணவி முந்துகிறார்.

சரி, எது நியாயம்? மதிப்பெண்ணை வேலையின் அளவுக்கு ஏற்ப யோசித்துப் பிரித்திருந்தால் மொத்தக் கணக்குதான் நியாயம் என்பேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தே கேள்வி உள்ள தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். தெரியாத இரண்டு கேள்விகள் வந்துவிட்டால் 20 விழுக்காடு போய்விடும். நாற்பது கேள்விகளில் அதே இரண்டு, 5 விழுக்காடுதான். விழுக்காட்டுச் சராசரி இந்த நிலையில்லாத சின்னத் தேர்வுக்கும் பெரிய தேர்வுக்கும் சம உரிமை கொடுக்கிறது.

ஆனால் மொத்தக் கணக்கும் கண்மூடித்தனமாக நம்பத்தக்கதல்ல. தமிழ்ப் பாடத்தில் சொல்வளப் பயிற்சிக்கு 40 சொற்கள் என்பதால் 40 மதிப்பெண், கட்டுரைக்கு 20 என்று ஓர் ஆசிரியர் வைத்தால் என்ன ஆகும்? பயிற்சியில் 36, கட்டுரையில் 11 எடுத்த பிள்ளைக்கு 60-க்கு 47, அதாவது 78 விழுக்காடு. சொல்வளம் கட்டுரையைவிட இரு மடங்கு முக்கியம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. எண்ணுவதற்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இதற்காகத்தான் வெயிட்டேஜ், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு எடை என்று குறிப்பது. கட்டுரைக்கு 70 விழுக்காடு, சொல்வளத்துக்கு 30 என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அதே பிள்ளையின் கட்டுரை விழுக்காடான 55-இல் 70 விழுக்காடு 38.5, சொல்வள விழுக்காடான 90-இல் 30 விழுக்காடு 27, மொத்தம் 65.5. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆண்டிடைத் தேர்வுகளை நீக்கும் பணி 2023-இல் முடிந்தபின், எடை குறிக்கப்பட்ட சிறு மதிப்பீடுகளும் ஆண்டிறுதித் தேர்வும் இப்படித்தான் சேர்க்கப்படுகின்றன. எடை முன்கூட்டியே தெரிந்தால், எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்யலாம். மதிப்பெண்கள் வந்தபிறகு முறையைத் தேர்ந்தெடுப்பது மட்டும் எந்த வகையிலும் நியாயமாகாது.

துணைப்பாட வகுப்பிலோ வீட்டிலோ கணினியில் கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். B பத்தியில் பெற்றது, C-யில் முழு மதிப்பெண், D-யில் 40, 50 என்று விழுக்காடு என்றால் இரண்டு முறைகளும் இவை:

```
=AVERAGE(D2:D5)
=SUM(B2:B5)/SUM(C2:C5)*100
```

பிள்ளை காய்ச்சலில் ஒரு தேர்வைத் தவறவிட்டால், D-யில் அந்தக் கட்டம் உண்மையிலேயே காலியாக இருக்கும்வரை முதல் சூத்திரம் அதை விட்டுவிடும். இரண்டாவது விடாது. B காலியாக இருந்தாலும் C-யில் உள்ள முழு மதிப்பெண் கீழே சேர்ந்துவிடும், பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டதாகிவிடும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தவருக்கு D-யில் மட்டுமல்ல, C-யிலும் அந்தத் தேர்வின் கட்டத்தை அழித்துவிட வேண்டும்.