‘கவலை வேண்டாம்’ என்று வந்ததும் விரல் ஏன் நகர்கிறது?

என் நாத்தனார் கோயம்புத்தூரில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் விற்கிறாள். பட்டறையில் வார்த்து வரும் கல்லை வீட்டில் எண்ணெய் தடவிப் பழக்கி, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்பாள். போன மாதம் ஒரு நாள் போன் செய்தாள். “அண்ணி, கேப்ஷன்லயே விலை, எடை எல்லாம் போட்டிருக்கேன். ஆனா எல்லாரும் இன்பாக்ஸ்ல வந்து விலை என்னன்னுதான் கேக்கறாங்க” என்றாள்.

கேப்ஷனை அனுப்பச் சொன்னேன். இதுதான் அது:

“தோசை கல்லில் ஒட்டிக்கொள்கிறதா? இனி கவலை வேண்டாம்! நாங்கள் பழக்கித் தரும் வார்ப்பிரும்புத் தோசைக்கல் உங்கள் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றது. எடை 2 கிலோ, விலை 1,450 ரூபாய். இன்றே ஆர்டர் செய்யுங்கள்!”

இதில் பொய் எதுவும் இல்லை. பிரச்சினை, தீர்வு, ஆதாரம் என்று வரிசையும் சரியாக இருக்கிறது. கேப்ஷன் எழுதக் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் முதல் நாளில் சொல்லித் தரும் வரிசை இது. ஆனாலும் விலை வரைக்கும் யாரும் படிக்கவில்லை.

இந்த வரிசை சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் அப்வொர்த்தி இணையதளம் ஒரே செய்திக்குப் பல தலைப்புகளை வைத்து, எதை எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தது. அந்தத் தரவுகளை அலசி 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்கும் விகிதம் சுமார் 2.3 சதவீதம் கூடியது தெரிந்தது. கெட்ட சேதிக்கு மனசு முதலில் காது கொடுக்கிறது. அதனால்தான் பிரச்சினை முதல் வரியில் உட்காருகிறது. அது வாசகருக்குள் ஒரு சின்ன இடைவெளியைத் திறந்து வைக்கிறது, தீர்வு அதை மூடுகிறது. மூடியது உண்மைதானா என்ற சந்தேகத்துக்குப் பதிலாக ஆதாரம் வருகிறது.

மூன்றில் பலரும் ஏனோதானோவென்று விட்டுவிடுவது ஆதாரத்தைத்தான். நூறு வருடத்துக்கு முன்னால் இதை அருமையாகச் செய்து காட்டியவர் அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ். பெப்சோடென்ட் பற்பசைக்கு அவர் எழுதிய விளம்பரங்கள், நாக்கால் பல்லைத் தடவிப் பார்க்கச் சொல்லும். தடவினால் ஒரு வழவழப்பான படலம் தட்டுப்படும். அது எல்லோருடைய பல்லிலும் இயல்பாகவே இருப்பதுதான், அந்தப் பற்பசை இல்லாமலும் தேய்த்தால் போகும். ஆனால் வாசகர் தன் நாக்காலேயே சரிபார்த்துக்கொண்டார். பிரச்சினைக்கான சாட்சி அவர் வாய்க்குள்ளேயே இருந்தது. இதோடு ‘நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் நம்பிக்கை’யை வைத்துப் பாருங்கள். அதை யாராலும் எதைத் தொட்டும் சரிபார்க்க முடியாது. ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வாக்குறுதி உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், அலுப்பு எங்கிருந்து வருகிறது? ரிச்சர்ட் தாம்ப்சன், வில்லியம் ஸ்பென்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966-இல், ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் உடல் அதற்குக் காட்டும் எதிர்வினை எப்படிக் குறைகிறது என்பதன் பண்புகளைத் தொகுத்தார்கள். புது வீட்டில் முதல் வாரம் தூக்கத்தைக் கெடுக்கும் ரயில் சத்தம், இரண்டாவது மாதத்தில் காதில் விழுவதே இல்லை அல்லவா, அதுதான். அவர்கள் சொன்ன பண்புகளில் இரண்டு நமக்கு முக்கியம். தூண்டல் கொஞ்ச காலம் வராமல் இருந்தால் எதிர்வினை திரும்ப வரும். இன்னொன்று, ஒரு தூண்டலுக்குப் பழகினால் அதைப் போன்ற மற்றவற்றுக்கும் சேர்த்தே பழகிப்போகும்.

இந்த இரண்டாவது பண்பு என் நாத்தனாருக்குக் கொஞ்சம் அநியாயமானது. அவள் அந்தக் கேப்ஷனை வாரத்துக்கு ஒரு முறைதான் போடுகிறாள். ஆனால் அவளுடைய வாசகர் அதே காலையில் “முடி கொட்டுகிறதா?”, “மூட்டு வலிக்கிறதா?”, “குழந்தை சாப்பிட மறுக்கிறதா?” என்று வரிசையாகத் தள்ளிவிட்டுத்தான் அவளிடம் வந்து சேர்கிறார். மற்றவர்கள் தேய்த்த தேய்ப்பில் அவளுடைய முதல் வரியும் தேய்ந்துவிட்டது.

அலுப்பு மட்டும் என்றால் பரவாயில்லை, சந்தேகமும் சேர்ந்துகொள்கிறது. மரியன் ஃப்ரீஸ்டாட், பீட்டர் ரைட் இருவரும் 1994-இல் இதை விளக்கினார்கள். நம்மை ஒருவர் இசைய வைக்கப் பார்க்கும்போது என்னென்ன உத்திகளைக் கையாளுவார் என்ற அறிவு வயதோடும் அனுபவத்தோடும் நமக்குள் சேர்ந்துகொண்டே வருகிறது. ஒரு வரியை ‘இது உத்தி’ என்று கண்டுகொண்ட நொடியில் அந்த வரியின் அர்த்தமே மாறிவிடும். அதுவரை “தோசை ஒட்டுகிறதா?” என்பது அக்கறையான கேள்வி. கண்டுகொண்ட பிறகு அது விற்பனைக்கான கதவுத் தட்டல். அப்போது வாசகர் சொல்லப்படும் விஷயத்தை விட்டுவிட்டு சொல்பவரின் நோக்கத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறார்.

தமிழில் இந்த அடையாளம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கவனித்தேன். பிரச்சினை, தீர்வு, ஆதாரம் என்ற வரிசையை வாசகர் கண்டுபிடிப்பதில்லை. அவர் பிடிப்பது மூட்டுகளை. “-கிறதா?” என்று முடியும் முதல் வரி, “கவலை வேண்டாம்”, “இதோ”, “நிரந்தரத் தீர்வு”, “இன்றே”. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவ எல்லோரும் வைக்கும் அதே பலகைகள். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் அந்த ‘-ஆ?’ வரியின் கோடியில் கொக்கி போலத் தனியாகத் தெரிகிறது. போன் திரையில் ஆப் முதல் இரண்டு வரிகளை மட்டும் காட்டிவிட்டு, மீதியை `more` என்பதற்குப் பின்னால் ஒளித்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. என் நாத்தனாரின் கேள்வியும் ‘கவலை வேண்டாம்’ என்பதும் சேர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிட்டன. வாசகர் பார்த்தது மூட்டுகளை மட்டும்தான், விலை மறைவிலேயே இருந்துவிட்டது.

ஒரு கேப்ஷன் இந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது இரண்டே காரியம். முதல் வரியை மட்டும் ஒருவரிடம் காட்டி, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கேட்பேன். வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டால் அந்த இரண்டாவது வரி இருந்தும் பயனில்லை. அடுத்து, பொருளை மாற்றிப் பார்ப்பேன். “முடி சீப்போடு வருகிறதா? இனி கவலை வேண்டாம்! நாங்கள் காய்ச்சித் தரும் எண்ணெய் உங்கள் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு.” கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படியானால் மூல கேப்ஷனில் தோசைக்கல்லைப் பற்றி எதுவுமே இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, மாற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தோம். வரிசையைத் தொடவில்லை. அவளிடம் கேள்விகள்தான் கேட்டேன். ஒட்டுகிற தோசையை நீ என்ன செய்வாய்? “நானேதான் சாப்பிடுவேன்” என்றாள். கல்லை எப்படிப் பழக்குகிறாய்? மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை வரும் வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் தடவி, இப்படி 6 முறை. அந்தச் சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு கெட்டியான படலமாக ஒட்டிக்கொள்கிறது. பழகிய கல்லில் மாவு ஒட்டாததற்குக் காரணம் அதுதான். அப்படியானால் முதல் தோசையே நன்றாக வருமா? கொஞ்சம் தயங்கினாள். “இல்ல அண்ணி, முதல் ரெண்டு லேசா ஒட்டும். மூணாவதுதான் முழுசா வரும்.” இதை ஏன் எழுதவில்லை என்றால், சொன்னால் யார் வாங்குவார்கள் என்று பயம்.

அந்தப் பயந்த விஷயம்தான் அவளிடம் இருந்த நல்ல ஆதாரம். புதுக் கேப்ஷன் இப்படி வந்தது:

“சுரண்டி எடுத்த தோசை எப்போதும் சுட்டவர் தட்டுக்குத்தான் போகும். 1,450 ரூபாய், 2 கிலோ. இந்தக் கல்லை எண்ணெய் தடவி 6 முறை காயவைத்து அனுப்புகிறேன். அப்படியும் உங்கள் அடுப்பில் முதல் இரண்டு தோசை லேசாக ஒட்டும். மூன்றாவது தோசை வீடியோவில் இருக்கிறது, எங்கும் வெட்டாமல் போட்டிருக்கிறேன். இதில் தக்காளித் தொக்கு மட்டும் வதக்காதீர்கள், புளிப்பு படலத்தை அரித்துவிடும்.”

பிரச்சினை, தீர்வு, ஆதாரம் மூன்றும் அதே வரிசையில் அப்படியே இருக்கின்றன. பலகைகளை மட்டும் எடுத்துவிட்டோம். முடி எண்ணெயை இங்கே பொருத்திப் பாருங்கள், ஒரு வரியிலும் நிற்காது. ஆதாரம் வாசகர் கையால் சோதிக்கக்கூடியது. மூன்றாவது தோசை வரவில்லை என்றால் அவள் சொன்னது பொய் என்று அன்று காலையிலேயே தெரிந்துவிடும்.

உற்சாகத்தில் அவள் இன்னும் சேர்க்கப் பார்த்தாள். எடை அதிகம் என்பதால் சூடு சமமாகப் பரவும், தலைமுறைக்கும் உழைக்கும், உடம்புக்கு நல்லது. வேண்டாம் என்றேன். சுசான் ஷூ, கர்ட் கார்ல்சன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பேசுபவர் நம்மை இசைய வைக்கப் பார்க்கிறார் என்று தெரிந்திருக்கும்போது, பெருமைகள் மூன்று வரை சேரச் சேர மதிப்பு ஏறுகிறது. நான்காவது வந்ததும் சந்தேகம் விழித்துக்கொள்கிறது, முன்பு சொன்ன மூன்றின் மதிப்பையும் அது கீழே இழுக்கிறது.

பழைய கேப்ஷனை நான் முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. தோசை ஒட்டாமல் இருக்க என்ன செய்வது என்று தானே தேடி வருகிறவருக்கு “தோசை ஒட்டுகிறதா?” என்ற கேள்வி நேரான பதில். அவர் மனதில் அந்தக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. தினமும் பின்தொடர்கிறவருக்குத்தான் அது சலிக்கிறது. ஒரே வரி ஒருவருக்குப் பழசு, இன்னொருவருக்குப் புதுசு. அதனால் அவளுடைய கடைசிப் பத்துப் பதிவுகளின் முதல் வரிகளை மட்டும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். பத்தில் ஏழு ‘-ஆ?’ என்று முடிந்தன. இரண்டை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தை மாற்றினாள்.

புதுக் கேப்ஷனுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதையும் சொல்லி வைத்தேன். குறையை முதலில் ஒத்துக்கொள்வது ஒரு தடவை நம்பிக்கை தரும். ஒவ்வொரு பதிவிலும் ஒரு குறையை ஒப்புக்கொண்டால் அதுவும் ஒரு பலகையாகிவிடும். “ஒரு உண்மையைச் சொல்லட்டுமா?” என்று தொடங்கும் பதிவுகளுக்கு இப்போதே அந்த நிலைதான். இது எப்போது நேர்கிறது என்பதை லைக் எண்ணிக்கையைவிட கருத்துகள் முன்னதாகக் காட்டிவிடும். படித்தவர்கள் பொருளைப் பற்றிக் கேட்பார்கள். படிக்காதவர்கள் ‘சூப்பர்’ போடுவார்கள், அல்லது கேப்ஷனிலேயே இருக்கும் விலையைக் கேட்பார்கள்.

இந்த முறை விலை கேட்டு வந்தவர்கள் குறைவு. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா என்று இரண்டு பேர், நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்று ஒருவர். பத்து நாள் கழித்து, கல்லை வாங்கிய ஒரு அம்மா பதிவுக்குக் கீழே எழுதியிருந்தார்: “எங்க வீட்ல நாலாவதுதான் முழுசா வந்துச்சு.” நாத்தனார் பதறிப்போய் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அடுத்த பதிவை அந்த வரியிலேயே ஆரம்பிக்கச் சொன்னேன்.