முன்பக்க கேமராவின் மெகாபிக்சலை விடுங்கள், போனைத் திருப்பிப் பிடியுங்கள்

இந்த வாரமும் ஒரு குடும்பம் வந்தது. அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்குள் 12-க்கு 18 அளவில் ஃபிரேம் போட்ட படம் வேண்டும். கையில் இருப்பது பேரன் எடுத்த செல்ஃபி, அதுவும் வாட்ஸ்அப்பில் வந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். முகம் மெழுகு பூசினமாதிரி இருக்கிறது, புருவத்தில் முடி ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. உடனே மகன் கேட்டார், "அண்ணே, முன்னாடி கேமராவே 32 மெகாபிக்சல்ணே, எப்படிண்ணே கலங்கும்?"

ஸ்டூடியோ வைத்திருக்கிற எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்போம். துக்கத்தில் வருகிறவர்களிடம் நின்று விளக்கவும் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மெகாபிக்சல் என்பது எண்ணிக்கை மட்டும்தான். ஒரு ஏக்கரைப் பத்து மனையாகப் பிரித்தாலும் நூறு மனையாகப் பிரித்தாலும் நிலம் அதே ஒரு ஏக்கர்தானே? கேமராவுக்கு அந்த நிலம்தான் சென்சார். திரையில் ஒரு சின்ன ஓட்டைக்குப் பின்னால் அடங்க வேண்டியிருப்பதால் முன்பக்க சென்சார் சின்னது. 32 மெகாபிக்சல் என்று விற்கிற முன்பக்க கேமராக்களில் அது ஏறக்குறைய 5-க்கு 4 மில்லிமீட்டர் இருக்கும். பின்பக்கத்தின் 50 மெகாபிக்சல் மெயின் கேமராவில் பல போன்களில் 8-க்கு 6 மில்லிமீட்டர். பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், 20-க்கு 48. வெளிச்சம் வாங்குகிற இடமே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதில், அந்த 32-ம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நான்கு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 8 மெகாபிக்சல் படமாகத்தான் போன் சேமிக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லை, குறைந்த வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக வராமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். ஆனால் டப்பாவில் அச்சடித்த எண்ணை மட்டும் நம்பி, பின்னால் இருக்கிற நல்ல கேமராவைத் தொடாமலே இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று ஃபோகஸ். பின்பக்க மெயின் கேமரா முகத்தைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். பல போன்களில் முன்பக்கத்துக்கு அந்த வசதியே கிடையாது, கை நீட்டும் தூரத்துக்கு என்று நிலையாக வைத்துவிடுவார்கள். ஐபோனிலேயே 2022-இல் வந்த 14 வரிசையில்தான் முன்பக்கத்துக்கு ஆட்டோஃபோகஸ் வந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனைக் கிட்டத்தில் கொண்டுபோனால் குழந்தை முகம் மட்டும் மங்குவது இதனால்தான்.

சரி, அந்த அப்பா படத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய அந்தப் படம் 1200-க்கு 1600 பிக்சல். 18 அங்குலத்துக்கு நீட்டினால் ஒரு அங்குலத்துக்கு 89 புள்ளிதான் கிடைக்கும். நல்ல பிரிண்டுக்கு நாங்கள் 300 எதிர்பார்ப்போம், 200-ஐ ஒட்டி இருந்தால் சமாளிப்போம். பேரன் போனிலிருந்தே மூலப்படத்தை எடுத்துவரச் சொன்னேன். 2448-க்கு 3264 இருந்தது. கணக்குப்படி அங்குலத்துக்கு 181, தப்பித்தோம் என்று திறந்து பார்த்தால் அதே மெழுகு முகம். பியூட்டி மோடு. பல போன்களில் முன்பக்க கேமராவுக்கு வாங்கும்போதே ஆன் ஆகித்தான் வரும். அது தோலை மழமழப்பாக்குகிற சாக்கில் சுருக்கம், மீசை முடி, கண்ணோரக் கோடு எல்லாவற்றையும் துடைத்துவிடும். துடைத்ததை எந்த லேபாலும் மீட்க முடியாது. ஷார்ப் செய்தால் மெழுகுக்கு விளிம்புதான் வரும், முகம் வராது.

கடைசியில் எது உதவியது தெரியுமா? கோயில் வாசலில் யாரோ பின்பக்க கேமராவில் எடுத்த ஒரு படம். 3060-க்கு 4080 பிக்சல். அதில் அவர் பாதி உயரத்துக்குத்தான் நின்றிருந்தார். சுற்றியிருந்ததை வெட்டியபின் 1500-க்கு 2250 மிஞ்சியது. செல்ஃபியைவிடப் பிக்சல் குறைவுதான், ஆனால் புருவம் புருவமாக இருந்தது, திருநீற்றுக் கோட்டில் விரல் தடம்கூடத் தெரிந்தது. 12-க்கு 18 வேண்டாம், 8-க்கு 12 போடலாம் என்று சொல்லி, அங்குலத்துக்கு 187 புள்ளியில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டில் பெரியவர்களோடு எடுக்கும்போது ஒரு படமாவது போனைத் திருப்பிப் பிடித்து எடுங்கள். திரை தெரியாதே என்று பயப்பட வேண்டாம். மெயின் லென்ஸே போதுமான அகலம் கொண்டது, கை நீட்டினால் இரண்டு மூன்று பேர் அடங்குவார்கள். பெரும்பாலான போன்களில் வால்யூம் பட்டனை அமுக்கினால் படம் விழும். நாலைந்து எடுத்தால் ஒன்று சரியாக அமையும். திரையில் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கும்போது கண் எங்கேயோ போகும், இதில் பார்ப்பதற்கு லென்ஸ் மட்டும்தான் இருப்பதால் பார்வையும் நேராக வரும். அதைவிட நல்லது, போனை அலமாரியில் சாய்த்து, கண் உயரத்துக்கு வைத்து, 10 விநாடி டைமர் போட்டுவிட்டு நான்கைந்து அடி தள்ளி நிற்பது. மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று குறைப்படுகிறவர்களுக்கும் இதுதான் தீர்வு. அது முன்பக்க, பின்பக்கக் கோளாறு இல்லை, கிட்டத்தில் எடுப்பதால் வருவது. தயவுசெய்து 0.5 என்ற பட்டனை மட்டும் முகத்துக்குத் தொடாதீர்கள். அந்த அகல லென்ஸ் மெயின் கேமரா அளவுக்குத் தெளிவு தராது, ஓரத்தில் நிற்கிறவர் தலையையும் இழுத்துவிடும்.

முன்பக்கத்தில்தான் எடுப்பேன் என்றால் முதலில் செட்டிங்கில் போய் பியூட்டியைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் கண்ணாடியைத் துடையுங்கள். காதில் வைத்துப் பேசிய வியர்வையும் எண்ணெயும் நேராக அந்த ஓட்டைமேல்தான் ஒட்டும், பின்பக்கத்தில் விரல் ரேகை. விளக்கைச் சுற்றிப் பனி படர்ந்தமாதிரி வந்தால் கேமராவைக் குறை சொல்லாமல் வேட்டித் துணியால் ஒரு துடை துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகவில்லையென்றால் டெம்பர்டு கிளாஸில் கீறல் விழுந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

வெளிச்சத்துக்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டுங்கள். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும், திண்ணை நிழலுக்கு வந்து வெளியே பார்த்து நின்றால் போதும். ராத்திரி வீட்டுக்குள் என்றால் டியூப் லைட்டுக்கு எதிரே நில்லுங்கள், அதற்கு நேர் கீழே வேண்டாம்.

எங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட்டாக இணையுங்கள். அனுப்பியபின் அளவைப் பாருங்கள். பின்பக்க கேமரா படம் என்றால் பொதுவாக 2 எம்.பி.-க்கு மேல் காட்டும். 150, 200 கே.பி. என்று காட்டினால் அது சுருங்கிய பிரதி, எடுத்தவர் போனிலிருந்தே மறுபடி வாங்கி அனுப்புங்கள்.